முழம், பானை, பன்னீர்: ஊதுவத்தி வரிசைக்குப் பெயர் வைத்த பதிவு

தண்டையார்பேட்டைப் பக்கம் இயங்கும் ஒரு சின்ன ஊதுவத்திப் பட்டறையின் ஐந்து வாசனைகளுக்குப் பெயர் வைத்த வேலையின் குறிப்பு இது. ஒவ்வொரு வாசனையும் இரண்டு உருவத்தில் வருகிறது. ஒன்று, எட்டு அங்குல வத்தி, அறுகோண அட்டைப்பெட்டியில். இன்னொன்று, அதே வாசனையில் 8 மில்லி ரோல்-ஆன் அத்தர். கலவைகள் முன்பே முடிவாகிவிட்டன: மல்லியும் மரிக்கொழுந்தும், வெட்டிவேரும் மண்ணும், ரோஜாவும் சந்தனமும், சாம்பிராணி, துளசியும் பச்சைக் கற்பூரமும். பாக்கி இருந்தது பெயர் மட்டும்தான்.

வழக்கமாக இந்த வேலை, நாலு பேர் உட்கார்ந்து அழகான சொற்களாக எழுதித் தள்ளுவதில் தொடங்கும். பிறகு அவற்றில் பாதி லேபிளில் நுழையாது என்று அச்சகத்தில் தெரியவரும். அதனால் இங்கே ஸ்கேலைத்தான் முதலில் எடுத்தோம்.

எவ்வளவு இடம்

அறுகோணப் பெட்டியின் ஒரு பக்கம் 13 மி.மீ. அகலம், நீளம் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். டிசைன் போடுபவர் கணினியில் காட்டும்போது இந்த நீளப் பக்கத்தைத்தான் காட்டுவார். அதில் எவ்வளவு பெரிய பெயரும் சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் வண்ணாரப்பேட்டை மளிகைக்கடை ஒன்றில் வத்திப் பெட்டிகள் இருக்கும் விதத்தைப் பாருங்கள். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாப் பெட்டியையும் நீளவாக்கில் உள்ளே தள்ளி அடுக்கியிருப்பார்கள். வெளியே தெரிவது மூடியின் அறுகோண முகம் மட்டும். கடைக்காரர் கையை நீட்டி எடுப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

பக்கம் 13 மி.மீ. என்றால் அந்த அறுகோணம் மூலைக்கு மூலை 26 மி.மீ. இருக்கும். ஆனால் எழுத்துக்கு உயரம் வேண்டுமே. நடுக்கோட்டுக்கு மேலே 3, கீழே 3 என்று ஒரு பட்டை ஒதுக்கினால் அந்த உயரத்தில் அகலம் 22.5 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். மூடி மடிப்பிலும் ஸ்டிக்கர் ஒட்டும்போதும் ஏற்படும் விலகலுக்காக இருபுறமும் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக விட்டால் பெயருக்கு மிஞ்சுவது 18 மி.மீ.

அத்தர் குப்பியில் கணக்கு வேறு, விடை அதேதான். குப்பியின் விட்டம் 18 மி.மீ., சுற்றளவு 56 மி.மீ. சுற்றளவு முழுக்க லேபிள் ஒட்டலாம். ஆனால் குப்பியைத் திருப்பாமல் ஒரே பார்வையில் படிக்க முடிவது மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் எழுத்து வளைந்து பின்னால் ஓடிவிடும். ஆக அங்கேயும் 18.

அடுத்து எழுத்தின் அளவு. கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும் அலமாரி, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கும். அங்கிருந்து படிக்கத் தடித்த எழுத்தில் 11 புள்ளி வேண்டும். அதற்குக் கீழே போனால் கண்ணாடி போட்டவர்களும் கையைக் காட்டி "அது என்னா?" என்று கேட்க வேண்டிவரும்.

இரண்டையும் சேர்த்தால் ஒரு சுலபமான விதி கிடைக்கிறது. பெயரை லேபிளுக்கு எடுத்திருக்கும் அதே எழுத்துருவில் 10 புள்ளியில் தடிமனாக அச்சடித்து, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 16 மி.மீ.க்குள் இருந்தால் 18 மி.மீ. இடத்தில் 11 புள்ளியில் நிற்கும். தாண்டினால் அந்தப் பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வரிசைக்கு ஆகாது.

எழுத்தை எண்ணிப் பார்த்தால் போதாதா என்றால், தமிழில் போதாது. 'பிரகாரம்' ஐந்து எழுத்து, 'மொட்டைமாடி'யும் ஐந்து எழுத்து. முன்னது 10 புள்ளியில் ஏறத்தாழ 14 மி.மீ., பின்னது 24 மி.மீ. சொல்லில் கொம்பு, துணைக்கால், ஐகாரக் குறி ஒவ்வொன்று வரும்போதும் ஓர் எழுத்து இரண்டு மூன்று எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'மொ' ஒன்றே மூன்று உருவம். மாறாக ர, ப, ட, ழ போன்றவை ஒடுக்கமானவை. ண, ஞ, ணை, ளை அகலமானவை. முதல் சுற்றில் எல்லாருக்கும் பிடித்த 'வெள்ளிக்கிழமை' 28 மி.மீ. வந்து, 18 மி.மீ.க்குள் சுருக்கினால் 6 புள்ளிச் சொச்சத்துக்கு இறங்கியது.

இரண்டு வரியாக உடைக்கலாமே என்ற யோசனையும் வரும். 'மொட்டைமாடி' நல்ல பெயர். வெயிலில் காய்ந்த சுண்ணாம்புத் தளத்தில் மழை விழுந்த வாசனை, ராயபுரம், முத்தியால்பேட்டைப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆனால் உடைத்தால் முதல் வரியில் 'மொட்டை' என்று பெரிதாக நிற்கும். மூடியை ஒரு கணம் பார்ப்பவர் அதைத்தான் படிப்பார். கூட்டுச்சொல்லை உடைக்கும்போது முதல் பாதி தனியாக என்ன பொருள் தருகிறது என்று பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

பெயருக்குக் கீழே ஒரு வரி

இந்த இடநெருக்கடியில் ஒரே சொல்லிடம் இரண்டு வேலை வாங்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான பெயர்கள் சொதப்பக் காரணம். என்ன வாசனை என்றும் சொல்ல வேண்டும், ஞாபகத்தையும் கிளற வேண்டும் என்றால் 'மல்லி நினைவுகள்', 'சந்தன சுகந்தம்' மாதிரி நீண்டு கடைசியில் இரண்டையும் செய்யாது.

அதனால் வேலையைப் பிரித்தோம். பெரிய எழுத்தில் ஞாபகத்துக்கான ஒரு சொல். அதற்குக் கீழே 6 புள்ளியில், சாதா எழுத்தில், வாசனை என்ன என்று பச்சையாக ஒரு வரி. 'மல்லி, மரிக்கொழுந்து' என்பதை ஒரே வரியில் போட்டால் 6 புள்ளியிலும் 18 மி.மீ.யைத் தாண்டும். 'மல்லி' மேலே, 'மரிக்கொழுந்து' கீழே என்று வைத்தால் இடம் போதும். இந்தக் கீழ்வரி இருப்பதால் மேலே உள்ள சொல்லுக்கு விடுதலை. 'பானை' என்று மட்டும் எழுதினால் வத்திப் பெட்டியா பாத்திரக்கடையா என்று குழப்பம் வரும். கீழே 'வெட்டிவேர், மண்' என்று இருந்தால் கோடையில் வெட்டிவேர் முடிச்சைப் போட்டு வைத்த தண்ணீர்ப் பானை தானாகக் கண்முன் வரும். அந்தக் கலவையின் வாசனையும் அச்சு அசல் அதுதான்: ஈர மண்ணும் வேரும். இந்தக் கலவைக்கு வந்த 'மண்வாசனை', 'முதல் மழை' இரண்டையும் தள்ளக் காரணம், அவை ஏற்கெனவே எல்லாருடைய பெட்டியிலும் இருக்கின்றன என்பது மட்டுமல்ல. மழைப் பெயர் வைத்தால் வெட்டிவேர் அநாதையாகிவிடுகிறது.

மூக்கைக் கேட்பது

பெயரைக் காட்டி 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டால் எல்லாரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எனவே பெயரே இல்லாமல் வத்தியை மட்டும் கொடுத்துக் கேட்பது உத்தமம். செய்முறை இப்படி.

விற்பனைக்குப் போகும் அதே வத்தியாக இருக்க வேண்டும். இங்கே வாசனை எண்ணெய் ஒரு பங்குக்கு அதை நீர்க்கவைக்கும் டி.இ.பி. என்ற திரவம் மூன்று பங்கு கலந்து, கரித்தூள் வத்தியை முக்கி, காயவைத்து, பெட்டியில் ஒரு வாரம் அடைத்து வைத்த பிறகுதான் எடுத்தோம். முக்கிய அன்றைக்கே கொளுத்தினால் டி.இ.பி.யின் எண்ணெய்ப் பசை நெடி தூக்கலாக இருக்கும். சோதனைக் காகிதத்தில் தொட்டு முகர்வது அத்தருக்குச் சரி, வத்திக்குச் சரியில்லை. கரியும் மூங்கிலும் பசைத்தூளும் எரியும் புகை, வாசனையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும்.

பத்துக்குப் பத்து அறை, கதவு பாதி திறந்து, ஒரு வத்தி. கொளுத்தி ஐந்து நிமிடம் கழித்து ஆளை உள்ளே அழைக்க வேண்டும். வத்திக்குப் பக்கத்தில் மூக்கை வைக்க விடக் கூடாது. வீட்டில் யாரும் அப்படி முகர்வதில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: "இது எந்த இடம் மாதிரி இருக்கு?" முதலில் வாயில் வரும் பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு யோசித்துச் சொல்வதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஓர் அமர்வில் மூன்று வாசனைக்கு மேல் கூடாது, நடுவே வெளிக்காற்றில் கால் மணி நேரம் விட வேண்டும்.

அதே ஆளிடம், இன்னொரு நாள், கொளுத்தாத பெட்டியைத் திறந்து நீட்ட வேண்டும். ஏனென்றால் கடையில் வாங்குபவர் முகர்வது இந்தப் பச்சை வாசனையைத்தான். இரண்டும் ஒன்றாக இருக்காது. மல்லிக் கலவையில் பென்சைல் அசிடேட் சீக்கிரம் ஆவியாகும் சரக்கு. பெட்டியைத் திறந்ததும் அதுதான் முந்திக்கொண்டு பழ வாசனையாக அடிக்கும். கொளுத்திய பிறகு அது அடங்கி, மரிக்கொழுந்தின் கசப்பும் பச்சையும் மேலே வரும். பெட்டியில் 'பழம்' என்று தோன்றுவதற்கும் வீட்டில் 'இலை' என்று தோன்றுவதற்கும் பொதுவான ஒரு பெயர் வேண்டும். இலைப் பச்சையைச் சொல்லும் பெயர்கள் இதனால் அடிபட்டன.

ரோஜா-சந்தனத்தில் இந்தச் சோதனை உருப்படியாக ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. கல்யாண மண்டபத்தின் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டுவார்களே, அதை நினைத்துச் செய்த கலவை அது. உள்ளே வந்தவர்களில் பலர் சொன்னது 'மாலை' என்று. சிலர் கொஞ்சம் தயங்கி, 'எழவு வீடு' என்றார்கள். காரணம் தேடினால் ரோஜாவைத் தூக்கிக் காட்டச் சம்பங்கியைத் துணைக்குச் சேர்த்திருந்தது தெரிந்தது. ரோஜா, சம்பங்கி, ஊதுவத்திப் புகை மூன்றும் ஒன்றுகூடும் இடம் நம் ஊரில் எது? தெருவில் ஷாமியானா போட்டு, தலைமாட்டில் கொத்தாக வத்தி எரிந்துகொண்டிருக்கும் வீடு. மூக்கு பொய் சொல்லவில்லை.

இதைப் பெயரால் சரிக்கட்ட முடியுமா என்று பார்த்தோம். முடியாது. 'கல்யாணம்' என்று எழுதி அதே வத்தியைக் கொடுத்தால் முரண் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. சம்பங்கியின் பங்கைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைச் சந்தனத்துக்குக் கொடுத்த பிறகுதான் 'மண்டபம்', 'கோயில்' என்ற சொற்கள் வர ஆரம்பித்தன. அதற்குப் பிறகு பெயர் தேடினால் போதும். ஏறத்தாழ எல்லாருக்கும் பிடித்திருந்த 'பந்தல்' இந்த ஒரே காரணத்துக்காக வெளியே போனது: பந்தல் இரண்டு வீட்டுக்கும் போடுவது. 'மாலை'யும் அப்படியே. 'பன்னீர்' என்றால் நல்ல காரியம்தான் முதலில் ஞாபகம் வரும், 12 மி.மீ.தான். ஓட்டல் போர்டில் பாலாடைக்கட்டியையும் பன்னீர் என்றே எழுதுவதால் சின்னப் பசங்கள் சிரிப்பார்கள். கீழ்வரியில் 'ரோஜா, சந்தனம்' என்று இருப்பதால் சிரித்துவிட்டு வாங்குவார்கள் என்று விட்டாயிற்று.

ஊர்ப்பெயர் ஆசை

வடசென்னையில் செய்யும் பொருள் என்றதும் எல்லாருக்கும் ஊர்ப்பெயர் வைக்க ஆசை வரும். ஆனால் வாசனைப் பொருளில் ஊர்ப்பெயர் அந்த ஊரின் உண்மையான வாசனையையும் கூட்டிக்கொண்டு வரும். காசிமேடு என்றால் மீன், ஐஸ், டீசல். வீட்டில் மீன் வறுத்த நெடி போகட்டும் என்று வத்தி கொளுத்துபவரிடம் காசிமேட்டை விற்க முடியாது. எண்ணூர், மணலி பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியூரில் விற்கும் 'கடல் காற்று' வகைக் கலவைகள் தர்ப்பூசணி கலந்த மாதிரி ஒரு வாசனை கொண்டவை. கடலுக்கு நூறடி தள்ளி வாழ்பவர்கள் அதைக் கடல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாசனையும் ஊரும் பொருந்தியது ஒன்றே ஒன்று, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பூக்கடை. மல்லிக் கலவைக்குக் கடைசிவரை போட்டியில் இருந்தது. 14 மி.மீ.க்குச் சற்று மேல், இடம் போதும். தள்ளிவைத்ததற்குக் காரணம், 'பூக்கடை' என்றால் பேருந்து நிறுத்தமும் காவல் நிலையமும்தான் பலருக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அதைவிட முழம் அருமையாக இருந்தது. பூக்காரம்மா முழங்கையில் வைத்து அளந்து, போனால் போகிறது என்று இரண்டு கண்ணி கூடவிட்டு, பல்லால் நாரைக் கடித்துத் தருவது வரை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மூன்றே எழுத்து, ஒன்பது மி.மீ. மூடியில் 18 புள்ளியில் வைத்தாலும் ஓரம் மிஞ்சும்.

மல்லிக்கு 'மதுரை மல்லி' என்று வைத்தால் என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்டையார்பேட்டையில் கலந்த எண்ணெய்க்கு அந்தப் பெயரைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

வாயைக் கேட்பது

பெட்டியில் படிப்பவரைவிடக் கடையில் வாய்விட்டுக் கேட்பவர்தான் அதிகம். எனவே பெயர் நான்கு பேர் வாயில் போய்த் திரும்ப வேண்டும். இதற்குச் சிறந்த வழி, தெரிந்த மளிகைக்கடையில் மாதிரிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, விஷயம் தெரியாத ஓர் ஆளை அனுப்பி வாங்கிவரச் சொல்வது. கொருக்குப்பேட்டைக் கடையொன்றில் நடந்தது இது:

"அண்ணே, ஒரு மொயம் குடுங்க."

"பூவெல்லாம் எதிர்ல விக்குது பாரு, அந்தம்மா கிட்ட."

"பூ இல்லண்ணே, வத்தி. மொயம் வத்தி."

"அத்த சொல்லு மொதல்ல."

இதில் தெரிவது இரண்டு. 'முழம்' இங்கே 'மொயம்', 'மொளம்' என்று ஒலிக்கும். அதனால் குறை ஒன்றுமில்லை, ஏனென்றால் அப்படிச் சொன்னாலும் வேறு பெட்டியோடு குழம்பாது. இரண்டாவது, 'வத்தி' என்ற சொல்லைத் தானாக ஒட்டிக்கொள்கிறார்கள். பெயரின் பகுதியாக அதை அச்சிட வேண்டியதில்லை, இடம் மிச்சம். குழப்பம் எப்போது ஆபத்து என்றால், வரிசைக்குள்ளேயே இரண்டு பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கும்போது. 'பானை', 'பன்னீர்' இரண்டும் 'ப'வில் தொடங்குவதால் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கச் சொல்லிச் சோதித்தோம். அசை வேறுபாடு போதுமானதாக இருந்தது. 'தூபம்', 'தூறல்' இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருந்தால் மாறிப்போயிருக்கும்.

துளசி-கற்பூரத்துக்கு 'தீர்த்தம்' என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. அதே துளசி, அதே பச்சைக் கற்பூரம், உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கும் ஞாபகம். கடையில் முதல் ஆள் "ரெண்டு தீர்த்தம்" என்றதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அது போயே போயிற்று; நம் ஊர்ப் பேச்சில் தீர்த்தம் எந்தக் கடையில் விற்பது என்று விளக்க வேண்டியதில்லை. மாற்றாக, தீர்த்தம் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கரண்டியின் பெயரான 'உத்தரணி' வந்தது, சில வீடுகளைத் தாண்டித் தெரியவில்லை. 'பிரகாரம்' நின்றது. திருவொற்றியூர்க் கோயில் போல ஒரு கல்மண்டபத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரமும் கலந்த குளிர்ச்சி அந்தச் சொல்லில் உண்டு. சாமி பெயர், சாமி படம் இரண்டும் வேண்டாம் என்பது தொடக்கத்திலேயே முடிவு. காலிப் பெட்டியைக் குப்பையில் போட மனம் வராமல் ஜனங்கள் சங்கடப்படுவார்கள்.

சாம்பிராணிக்கு 'தூபக்கால்' ஆசைப்பட்டது. அளந்தால் 17.5 மி.மீ., எல்லையை ஒன்றரை தாண்டுகிறது. எழுத்தை நெருக்கிவைத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். தமிழில் எழுத்தை இடைவெளி குறைத்து நெருக்கினால் துணைக்கால் அடுத்த எழுத்தோடு ஒட்டி 'ர' மாதிரி தெரியும். விட்டுவிட்டு 'தூபம்' ஆனது. கொஞ்சம் பொதுவான சொல்தான், ஐந்தில் பலவீனமானது இது.

பதிவும் சட்டமும்

ஊதுவத்தியும் வாசனைத் திரவியமும் வணிகக்குறிப் பதிவில் 3ஆம் வகுப்பில் வருகின்றன. பொதுத் தேடலில் ஒலிவழித் தேடல் என்று ஒரு வசதி உண்டு. அதில் பெயரை ஆங்கில எழுத்தில் எல்லா விதமாகவும் தட்டிப் பார்க்க வேண்டும். `MUZHAM`, `MULAM`, `MOZHAM` மூன்றும் ஒரே பெயருக்கு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, கடைகளின் பில் போடும் மென்பொருளுக்கும் அதே எழுத்துக்கூட்டலையே தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சரக்கு மூன்று சரக்காகப் பட்டியலில் ஏறிவிடும்.

1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சரக்கின் தன்மையை அப்படியே சொல்லும் பெயர்களைப் பதிவு செய்யத் தடையாக நிற்கும். மல்லி வத்திக்கு 'மல்லி' கிடைக்காது. ரோஜா வத்திக்குப் 'பன்னீர்' என்பதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. 'தூபம்' கேட்கவே வேண்டாம். 'முழம்', 'பானை' இரண்டும் வாசனையை நேரடியாகச் சொல்லாததால் வாய்ப்பு அதிகம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு பெயருக்கு, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ஐந்துக்கும் கட்டுவதற்குப் பதில் பட்டறையின் வணிகப்பெயரை முதலில், 'முழம்' அடுத்து என்று வரிசைப்படுத்துவது புத்திசாலித்தனம். பன்னீரும் தூபமும் வணிகப்பெயரின் நிழலில் இருந்துகொள்ளட்டும்.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, மாதம்-ஆண்டு, அதிகபட்ச விலை, புகார்த் தொடர்பு எல்லாம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். எழுத்து உயரம் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இவற்றையெல்லாம் நீளப் பக்கங்களில் இரண்டுக்கு ஒதுக்கிவிட்டால் மூடி பெயருக்கே சொந்தம். பெயருக்கு ஞாபகச் சொல்லை வைத்திருப்பதால் 'ஊதுவத்தி' என்ற பொதுப்பெயரைப் போட மறந்துவிடும் ஆபத்து இந்த வரிசையில் கூடுதல். 'பானை' என்று மட்டும் போட்ட பெட்டி சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை.

அச்சகத்தில்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவைச் சுற்றி அட்டைக்கும் அச்சுக்கும் பஞ்சமில்லை. தொல்லை எழுத்துருவில். டிடிபி செய்யும் பலரும் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறார்கள். யூனிகோடில் அனுப்பிய பெயரை அவர்கள் ஒட்டும்போது கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பிறகு அவரே திருப்பித் தட்டச்சு செய்வார். அங்கேதான் 'ன்' 'ண்' ஆகும். இதற்கு மருந்து, பெயர்களை எழுத்தாக அனுப்பாமல் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் ஆக அனுப்பி, திறந்து திருத்த வேண்டாம் என்று சொல்லிவிடுவது.

அடுத்தது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. இந்த ஐந்தில் பானை தவிர மற்றவற்றில் மெய்யெழுத்து இருக்கிறது. பொன்நிற ஃபாயில் அடிக்கும்போது, எழுத்துக்கும் அதன் தலைப்புள்ளிக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி அடைபட்டு, புள்ளி எழுத்தோடு ஒட்டிப் பரு மாதிரி நிற்கும். அடர்நிறத் தளத்தில் வெள்ளை எழுத்து விட்டால் எதிர்ப்பக்கத் தொல்லை: மை உள்ளே கசிந்து புள்ளியே மறைந்து 'முழம்' 'முழம' ஆகும். இடைவெளியும் புள்ளியின் குறுக்களவும் 0.3 மி.மீ.க்குக் குறையாமல் கோட்டுருவத்தில் கையால் திருத்திக் கொடுத்தால் இரண்டும் தீரும். 'னீ'யின் மேல்சுழியும் இதேபோல் அடையும், அதையும் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். 6 புள்ளிக் கீழ்வரிக்கு ஃபாயில் கூடவே கூடாது. வெளிர்த் தளத்தில் கருப்பு மை மட்டும்.

ஐந்துக்கும் தனித்தனிப் பெட்டி அச்சடித்தால் ஒவ்வொன்றுக்கும் அச்சகத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று இருக்கும், ஓடாத வாசனையின் பெட்டிகள் மூலையில் தூங்கும். எனவே பெட்டி ஒன்றே. பட்டறையின் வணிகப்பெயரும் சட்டக் குறிப்புகளும் அதில். வாசனையின் பெயர் மூடி ஸ்டிக்கரிலும், நீளப் பக்கத்தில் ஒட்டும் ஒரு பட்டையிலும் மட்டும். அறுகோண ஸ்டிக்கரைக் கையால் ஒட்டும்போது சாய்ந்துபோகும் என்பதால் 16 மி.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டலாமா என்ற பேச்சு வந்தது. வட்டத்தில் பெயருக்கு 13 மி.மீ.கூட மிஞ்சாது, பிரகாரம் வெளியே விழும். அறுகோணமே தொடர்கிறது.

அத்தர் குப்பிக்குக் காகித ஸ்டிக்கர் உதவாது. உருளைப் பந்திலிருந்து கசியும் எண்ணெய் வழிந்து காகிதத்தை ஊடுருவி மையைக் கலைக்கும். டி.இ.பி. கலந்த அத்தர் என்றால் பிவிசி ஸ்டிக்கரையே இளக்கிவிடும். பிபி ஸ்டிக்கரில் அச்சடித்து மேலே லேமினேஷன் போட்டால் தாங்குகிறது. மொத்தமாக அடிக்கும் முன் மாதிரி ஒன்றைக் குப்பியில் ஒட்டி, பெயரின் மேலேயே ஒரு சொட்டு அத்தர் விட்டு, ராத்திரி முழுக்க விட்டுவைத்து, காலையில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலில் மை ஒட்டினாலோ, ஓரம் சுருண்டு எழுந்தாலோ, அந்த ஸ்டிக்கரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஓரம் எழுவது பெரும்பாலும் லேபிள் அகலமாக இருப்பதால்தான். சுற்றளவு 56 என்றால் லேபிள் 52க்கு மேல் போகாமல், இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் 4 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டச் சொல்ல வேண்டும்.